மழை வாரக் குளிரை வைத்துப் பருவநிலையைக் கணக்குப் போடலாமா?

2018 ஜனவரி நடுவில் சிங்கப்பூரில் சில நாள்கள் வெயிலையே பார்க்க முடியவில்லை. வெப்பநிலை பல இடங்களில் 21 முதல் 24 டிகிரிக்குள்ளேயே நின்றது. எங்கள் புளோக்கில் மூங்கில் கழிகளெல்லாம் காலியாக இருந்தன. துணி வீட்டுக்குள் நாற்காலி முதுகில் கிடந்து, காயாமல் வாடை அடித்தது. கீழே காப்பிக்கடையில், எப்போதும் தே பெங் குடிக்கும் பக்கத்து வீட்டு மாமா அன்று சூடாகத் தே ஹாலியா வாங்கிக்கொண்டு கேட்டார்: “உலகம் சூடாகுதுன்னு சொல்றாங்களே தம்பி, எங்கே?”

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் சில தவறுகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் தவறு சொல்லிலேயே தொடங்குகிறது. இங்கே நாம் ‘பருவநிலை’ என்கிறோம். அதில் ‘பருவம்’ இருப்பதால் மனம் உடனே பருவமழைக்கு ஓடிவிடுகிறது. தமிழ்நாட்டில் சொல்லும் ‘காலநிலை’ கொஞ்சம் தெளிவு. இன்று மழையா, நாளை வெயிலா என்பது வானிலை. ஓர் இடத்தில் பல்லாண்டுகளாக வானிலை எப்படி இருந்து வருகிறது என்பது பருவநிலை. வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி.

அடுத்தது, அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் முடிவுகட்டுவது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சைபீரியப் பக்கத்துக் குளிர்காற்று திடீரென்று தெற்கே பாயும். தென்சீனக் கடலைக் கடக்கும்போது அது சூடேறி, ஈரத்தையும் அள்ளிக்கொள்ளும். நம்மிடம் வந்து சேரும்போது அதில் சைபீரியக் குளிர் மிச்சமிருக்காது; நமக்குக் கிடைப்பது மேகமும் மழையும் காற்றும்தான். மேகம் வெயிலை மறைக்கிறது, விழும் மழை ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது, அதனால்தான் நண்பகலிலும் வெப்பநிலை ஏறுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இப்படி இரண்டு முதல் நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் ஒருநாளிலிருந்து ஐந்து நாள்வரை நிற்கும். சில நாள் மழை எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்பதைத்தான் அந்தக் குளிர் காட்டுகிறது. பூமியின் சூட்டைப் பற்றி அது பேசுவதே இல்லை.

பெரிய தவறு கணக்கில் இருக்கிறது. மாமாவிடம் இதைத்தான் பேனாவை எடுத்துப் போட்டுக் காட்டினேன். சாங்கியில் ஜனவரி மாதச் சராசரி 27 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ஒரு முழு வாரம் அதைவிட 3 டிகிரி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். 7 நாளுக்கு 3 டிகிரி, மொத்தம் 21. அதை 365ஆல் வகுத்தால், அந்த ஆண்டின் சராசரி 0.06 டிகிரிகூடக் குறையவில்லை. 30 ஆண்டுக்கு வகுத்தால் சுமார் 0.002. இன்னொரு பக்கம், 1948 முதல் 2016 வரை சிங்கப்பூர் பத்தாண்டுக்குச் சுமார் 0.25 டிகிரி வீதம் சூடாகி வந்தது. 30 ஆண்டில் அது 0.75 டிகிரி. உடம்புக்குப் பெரிதாகத் தெரிந்த குளிர் கணக்கில் காணாமல் போகிறது. உடம்புக்குத் தெரியாத 0.25 சேர்ந்துகொண்டே போகிறது. அந்த 2018ஆம் ஆண்டின் சராசரியும் நீண்டகாலச் சராசரியைவிடக் கூடுதலாகத்தான் முடிந்தது.

வெப்பமாதலை நம்புகிறவர்களும் இதே தவறைத் திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானபோது “பார்த்தீர்களா!” என்று பலருக்கும் செய்தி அனுப்பினேன். ஆனால் 1983 ஏப்ரலிலேயே தெங்காவில் அதே 37 பதிவாகியிருக்கிறது. ஒருநாள் உச்சத்தை வைத்துப் பேசினால், நாற்பது ஆண்டாக எதுவும் மாறவில்லை என்றும் வாதாடலாம். ஆண்டுச் சராசரியைப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். 1991–2020 சராசரி 27.8 டிகிரி. 2016, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளும் 28.4 டிகிரியைத் தொட்டன.

சரி, இதில் கட்டடங்களும் சாலைகளும் பிடித்துவைக்கும் நகரச் சூடும் கொஞ்சம் கலந்திருக்காதா? கலந்திருக்கும். அதனால்தான் ஒரு தீவின் அளவை மட்டும் வைத்து உலகத்தைப் பற்றி முடிவு சொல்வதும் சரியல்ல. கட்டடமே இல்லாத கடற்பரப்பையும் சேர்த்து அளந்த உலகச் சராசரியைப் பார்க்க வேண்டும். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, 2024இல் அது 1850–1900 காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடியிருந்தது.

மாமா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ இந்த ஜனவரியை எதோடதான் ஒப்பிடுறது?” என்றார். போன மே மாதத்தோடு வேண்டாம் மாமா, கடந்த முப்பது ஜனவரிகளோடு ஒப்பிடுங்கள் என்றேன்.