"பேங்கில்தான் பணம் இருக்கிறதே, எதற்கு ஏற்றுகிறீர்கள்?": பொதுக்குழுவில் பொருளாளர் செய்யும் தவறுகள்

கீழக்கரையில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 24 வீடுகள், ஒரு லிப்ட், கட்டி 12 ஆண்டுகள். சங்கத்தின் பொருளாளர் நான். பொறுப்பேற்ற முதல் ஆண்டுப் பொதுக்குழுவில், மாதப் பராமரிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாயிலிருந்து 3,000 ஆக்க வேண்டும் என்று கேட்டேன். தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டும் அதே 1,000 ரூபாய் உயர்வைத்தான் கேட்டேன், நிறைவேறியது. வந்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள். கணக்கை நான் சொன்ன விதம்தான் மாறியிருந்தது.

முதல் ஆண்டு செய்த பெரிய தவறு, எழுந்ததும் வங்கி இருப்பை வாசித்தது. "31 மார்ச் அன்று இருப்பு 7 லட்சம்" என்றேன். முன்வரிசையில், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் காக்கா என்றழைக்கும் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். "தம்பி, ஏழு லட்சம் கெடக்குங்கிறீங்க. அப்புறம் எதுக்கு இன்னும் கேக்குறீங்க?" நான், "அது கார்பஸ் ஃபண்ட் காக்கா, தொடக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவருக்கும் புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் புரியவில்லை. அதன் பிறகு நான் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. பணம் இருக்கிறது, ஆனால் எடுக்க மாட்டார்களாம் என்ற பேச்சே மாடிப்படி வரைக்கும் போனது.

இருப்பு என்ற ஒரே எண்ணுக்குள் நாலு விதமான பணம் கலந்து கிடக்கிறது. அதைப் பிரித்துக் காட்டாமல் அந்த எண்ணை வாயால் சொல்லவே கூடாது. இரண்டாம் ஆண்டு இருப்பு 6,40,000. இந்த முறை இப்படிச் சொன்னேன்:

"வங்கியில் 6,40,000 ரூபாய் இருக்கிறது. இதில் 4,80,000, நாம் வீடு வாங்கியபோது வீட்டுக்கு 20,000 வீதம் கட்டிய மூலதனம், அதாவது கார்பஸ் ஃபண்ட். அது நிரந்தர வைப்பில் இருக்கிறது. அதன் வட்டி கட்டடக் காப்பீட்டுக்கும் தணிக்கைக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் மூன்று உரிமையாளர்கள் வரும் ஆண்டுக்கான கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகக் கட்டியிருக்கிறார்கள், 72,000. அது இன்னும் நம் பணம் ஆகவில்லை, மாதாமாதம்தான் ஆகும். வந்து சேர்ந்து, நாம் இன்னும் கொடுக்காத பில் 30,000. இதெல்லாம் போக, நாம் நினைத்தபடி செலவழிக்கக்கூடியது 58,000. இது ஒரு மாதச் செலவுக்குக் கொஞ்சம் மேல். போன ஆண்டு இதே நாளில் இந்தத் தொகை 1,18,000 ஆக இருந்தது."

கடைசி வரிதான் வேலை செய்தது. 1,18,000 ஓர் ஆண்டில் 58,000 ஆகியிருக்கிறது என்றால், இன்னோர் ஆண்டில் என்ன மிஞ்சும் என்பதை அவர்களே மனக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பெரியவர், "அப்ப மாசம் அஞ்சாயிரம் ஓட்டை" என்றார். சரியாக அவ்வளவுதான். 24 வீடுகளில் வருவது மாதம் 48,000. காவலர், துப்புரவு, பொது மின்கட்டணம், லிப்ட் ஒப்பந்தம், லாரித் தண்ணீர், சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து போவது சராசரியாக 53,000. சராசரி என்று சொல்வதற்குக் காரணம், லாரித் தண்ணீர்ச் செலவு கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையில் ஒரு மாதிரி இருக்கும். ஏதோ ஒரு மாதத்துக் கணக்கைக் காட்டினால், வசதிக்கு ஏற்ற மாதமாகப் பார்த்து எடுத்தீர்களா என்ற கேள்வி நியாயமாகவே வரும். அதனால் 12 மாதத்தையும் ஒரே தாளில் அச்சடித்து, கூட்டத்துக்கு முன்பே வீடுவீடாகக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த தவறு, உயர்வை ஒரே கட்டியாகக் கேட்பது. அதிலும் சதவீதமாகச் சொல்வது. முதல் ஆண்டு நான் "50 சதவீதம் உயர்வு" என்று அறிக்கையில் எழுதியிருந்தேன். அந்த 50-ஐத் தவிர வேறு எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. அதற்காகத் தொகையை ஒளித்துவைத்து, கடைசியில் மெல்ல எடுத்துவிடவும் கூடாது. அது இன்னும் மோசம். பேச்சின் இரண்டாவது நிமிடத்திலேயே 3,000 என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு, கூடுதல் 1,000 ரூபாய் எங்கெங்கே போகிறது என்று பிரிக்க வேண்டும்.

எங்கள் கணக்கில் அது மூன்றாகப் பிரிந்தது. இப்போதுள்ள 5,000 பற்றாக்குறையோடு, காவலர் இருவருக்கும் ஆளுக்கு 1,100 ரூபாய் சம்பள உயர்வைச் சேர்த்தால் மாதம் 7,200, வீட்டுக்கு 300. வெளிச்சுவர், சன்ஷேட் பழுதுபார்ப்பும் பெயின்டும் ஐந்து ஆண்டுக்குள் செய்தாக வேண்டும். வாங்கிய மதிப்பீடு 7,20,000. அதை 24 வீட்டுக்கும் 60 மாதத்துக்கும் வகுத்தால் வீட்டுக்கு 500. லிப்டின் கயிறு, கன்ட்ரோலர் மாற்ற 2,88,000. அதே வகுத்தலில் வீட்டுக்கு 200. முதல் 300 இன்றைய செலவு. மற்ற 700 நாளைய செலவு. இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

நாளைய செலவுக்கு எதிராக வரும் வாதம், "வரும்போது பார்த்துக்கலாம், அப்போது பிரித்துக் கட்டலாம்" என்பது. இதற்குக் கோபப்படத் தேவையில்லை, வகுத்துக் காட்டினால் போதும். 7,20,000-ஐ 24-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 30,000, ஒரே நேரத்தில். அதோடு, அதுவரை கட்டடத்தை அனுபவித்துவிட்டு நாலாம் ஆண்டு வீட்டை விற்றுப் போனவர் ஒரு பைசா தராமல் போயிருப்பார். அவரிடம் வாங்கியவர் வந்த மறு ஆண்டே முழுச் சுமையையும் தூக்குவார். எனக்கு இது மனசுக்கு ஒவ்வாத அநியாயம். கூட்டத்திலும் அப்படியே சொன்னேன்.

இனி, எங்கள் கரையோரத்துக்கே உரிய தவறு. "மதுரையில் என் மச்சான் இருக்கிற அபார்ட்மென்ட்டில் 1,800தான்" என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பொருளாளர்கள் சொல்லும் வழக்கமான பதில் "விலைவாசி ஏறிவிட்டது" என்பது. விலைவாசி மதுரையிலும்தான் ஏறியிருக்கிறது. உண்மையான காரணம் உப்பு. அதை வாயால் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். அதனால் நான் ஒரு துண்டு கான்கிரீட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் மாடி சன்ஷேடின் அடியிலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு அது. உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் கம்பி பதிந்திருந்த வாய்க்கால் போன்ற பள்ளம். அந்தப் பள்ளம் முழுக்கச் செம்பழுப்புத் துரு, விரலால் தொட்டால் ஏடு ஏடாக உரியும். அதைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே விளக்கினேன். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கடல்காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊறி கம்பியை எட்டும்போது அந்தக் காப்பு உடைகிறது. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். பருத்தால் வெளிக் கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு துண்டு விழும்.

கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு கனம் இருக்கிறது என்பதில்தான் காலம் அடங்கியிருக்கிறது. இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, உள்நாட்டில் மழை, வெயில் தாக்காத இடத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும் என்கிறது. நேரடியாகக் கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்கு 45 கேட்கிறது. நான் கொண்டுபோன துண்டை அங்கேயே அளவுகோல் வைத்து அளந்தேன். 20-ஐத் தாண்டவில்லை. உள்நாட்டில் மழை படாத இடத்துக்கான கணக்கில் கட்டிய சன்ஷேட் எங்கள் கச்சான் காற்றில் நிற்கிறது.

இந்த இடத்தில், "பெயின்ட் அடித்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. துருப்பிடித்த கம்பியின் மேல் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம் மறைந்திருக்கும், அவ்வளவுதான். சுத்தியலால் தட்டிப் பார்த்து, 'தொப்' என்று வெற்று ஓசை கேட்கும் இடமெல்லாம் உடைத்து, கம்பிக்குப் பின்னால் வரை சுரண்டி, துருவை நீக்கி, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலவையால் அடைத்து, அதன் பிறகுதான் பெயின்ட். மதிப்பீட்டில் தண்ணீர் செலவும் தனி வரியாக இருந்ததைக் காட்டினேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் அந்தத் தரவிதியின் உச்சவரம்பு. போர் தண்ணீரைக் கலந்து பூசினால், காசு கொடுத்து உப்பை உள்ளே வைத்து அடைப்பதாகும். இதைக் கேட்டதும் கொத்தனார் வேலை தெரிந்த ஒருவர் எழுந்து, தன் சொந்த வீட்டில் நடந்ததைச் சொன்னார். நான் பேசியதைவிட அது நன்றாக எடுபட்டது.

பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை மேடையில் வாசிக்கக் கூடாது. மொத்த பாக்கி எவ்வளவு, எத்தனை வீடு என்று மட்டும் சொல்லுங்கள். பெயர்ப் பேச்சு தனியே நடக்கட்டும். சதுர அடிக் கணக்கா, வீட்டுக்குச் சமமா என்ற விவாதத்தையும் அன்றைக்குத் திறக்க வேண்டாம். அது துணைவிதியில் எழுதியிருக்கும். மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனி அறிவிப்பு, தனித் தீர்மானம். வளைகுடாவில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் "சம்மதம்" என்று போடுவதை வாக்காக எண்ணலாமா என்பதையும் துணைவிதியைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கூட்டத்தின் நடுவில் கேள்வி வந்தால் தீர்மானமே தொங்கிவிடும்.

கடைசித் தவறு தீர்மானத்தின் வாசகத்தில் நடக்கிறது. "கட்டணம் 3,000 ஆக உயர்த்தப்படுகிறது" என்று மட்டும் எழுதினால், அந்த 700 ரூபாய் இரண்டே ஆண்டில் லாரித் தண்ணீரிலும் மின்கட்டணத்திலும் கரைந்துவிடும். அடுத்து வரும் பொருளாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் கோடையில் கணக்கில் பணம் இருந்தால் கை அங்கேதான் போகும். முதல் ஆண்டு நான் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டு நிறைவேறிய வாசகம் இது:

"மாதப் பராமரிப்புக் கட்டணம் ஏப்ரல் மாதம் முதல் வீட்டுக்கு 3,000 ரூபாய். இதில் வீட்டுக்கு 700 வீதம் 16,800 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் 'பெரும்பழுது நிதி' என்ற தனி வங்கிக் கணக்குக்கு மாற்றப்படும். பொதுக்குழுவின் தீர்மானம் இல்லாமல் இந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கூடாது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்து தேவை. இதன் இருப்பு ஒவ்வொரு காலாண்டும் லிப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்."