டூட்டி அட்டவணையில் அரை இணை: ஓட்டுநர், நடத்துநர் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் ஒரு பணிமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வடசேரியிலிருந்து குலசேகரம், மார்த்தாண்டம், குளச்சல், கன்னியாகுமரி என்று அதன் பஸ்கள் ஓடுகின்றன. காலை 6 முதல் 10 வரை குறைந்தது 20 இணை வேண்டும்; ஓர் ஓட்டுநரும் ஒரு நடத்துநரும் சேர்ந்தது ஓர் இணை. 10 முதல் 2 வரை 14 போதும். 2 முதல் 6 வரை பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாம் விடும் நேரம் என்பதால் 21. இரவு 6 முதல் 10 வரை 12. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் காலையிலும் மாலையிலும் ஏறி நடுப்பகலில் இறங்கும் இந்த வடிவத்தை எந்தப் பணிமனைக்காரரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இந்தத் தேவைகளை மிகக் குறைந்த இணைகளைக் கொண்டு நிறைவேற்றும் கணக்கை நேரியல் திட்டமிடலாக, அதாவது நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு கூட்டுத்தொகையை மிகக் குறைவாக்கும் கணக்காக எழுத உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது மாறியில்தான். ‘10 மணிக்கு எத்தனை இணை வேலையில் இருக்கும்’ என்பதை மாறியாக வைத்தால், அந்த இணைகளில் யார் காலையிலிருந்தே ஓட்டுகிறார்கள், யார் புதிதாக வந்தவர்கள் என்பது கணக்கில் நிற்காது. நேரப் பகுதிக்கு உரியது தேவை மட்டுமே. நாம் தீர்மானிப்பது, எந்த ஷிப்டில் எத்தனை இணையைப் போடுவது என்பதை. ஆகவே ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு மாறி: காலை 6 முதல் 2 வரை x1, 10 முதல் 6 வரை x2, பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை x3.

அடுத்த தவறு சமக்குறி. காலையில் 20 வேண்டும் என்பதால் x1 = 20 என்றும், நடுப்பகலில் 14 வேண்டும் என்பதால் x1 + x2 = 14 என்றும் எழுதிவிடுவார்கள். அப்படியானால் x2 மைனஸ் 6 ஆக வேண்டும். இணைகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால், தீர்வே இல்லை என்று கணக்கைத் தீர்க்கும் கணினி நிரல் சொல்லிவிடும். நிரலில் பழுது என்று தேடிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலையில் வந்த 20 இணை 10 மணிக்கு மேல் மறைந்துவிடாது. குறைந்தபட்சத் தேவை என்றால் ‘அதற்குக் குறையாமல்’ என்பதே பொருள்; >= என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் மொத்தம் 41 இணை வருகிறது: காலைக்கு 20, மற்ற இரண்டு ஷிப்டுகளுக்கும் சேர்த்து 21. நடுப்பகலில் குறைந்தது 6 இணை மிச்சமாக நிற்கும்.

அந்த மிச்சத்தைக் குறைக்கத்தான் பிரித்த டூட்டி: காலை 6 முதல் 10 வரை ஓட்டி, இடையில் ஓய்ந்து, 2 முதல் 6 வரை மறுபடியும் ஓட்டுவது. அதில் போடும் இணைகளின் எண்ணிக்கையை s என்போம். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் lp_solve என்ற நிரலின் வடிவில் முழுக் கணக்கும் இவ்வளவுதான்:

```
min: x1 + x2 + x3 + s;
x1 + s >= 20;
x1 + x2 >= 14;
x2 + x3 + s >= 21;
x3 >= 12;
int x1, x2, x3, s;
```

மாறிகள் முழு எண்களாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் கடைசி int வரியை விட்டுவிடுவதுதான் நான் மிகவும் எச்சரிக்க விரும்பும் தவறு. அது இல்லாவிட்டால் விடை x1 = 12.5, x2 = 1.5, x3 = 12, s = 7.5, மொத்தம் 33.5 என்று வரும். அரை ஓட்டுநரை யாரும் பஸ்ஸில் ஏற்ற முடியாது. உடனே கை தானாக எண்ணை முழுமையாக்கப் போகும். எல்லாவற்றையும் மேலே தூக்கினால் 13, 2, 12, 8 என்று 35 இணை. கீழே இறக்கினால் காலை, நடுப்பகல், மாலை மூன்றிலும் ஒவ்வோர் இணை குறையும். int வரியோடு தீர்த்தால் 13, 1, 12, 8 போன்ற ஒரு விடை கிடைக்கும், மொத்தம் 34. இந்த விடையில் காலையில் 21, நடுப்பகலில் 14, மாலையில் 21, இரவில் 12. எங்கும் குறையவில்லை. எண்ணை மேலே தூக்கியவர் நாள்தோறும் ஓர் ஓட்டுநரையும் ஒரு நடத்துநரையும் காரணமின்றிக் கூடுதலாக வரவழைக்கிறார்.

இந்தப் பின்னம் எங்கிருந்து வந்தது என்பது அறிந்துகொள்ளத் தக்கது. ஒவ்வொரு ஷிப்டும் அடுத்தடுத்த நேரப் பகுதிகளை மட்டும் தொட்டால், தேவைகள் முழு எண்களாக இருக்கும் வரை இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறை விடையாகக் காணும் மூலைப் புள்ளிகளும் முழு எண்களாகவே அமையும். பிரித்த டூட்டியைச் சேர்த்ததும் x1, x2, s மூன்றும் காலை, நடுப்பகல், மாலை என்று ஒரு வளையமாகக் கோத்துக்கொள்கின்றன. ஒற்றைப்படை வளையத்தில் அரை எண்கள் நுழைந்துவிடும். அதனால்தான் பிரித்த டூட்டி இல்லாத பழைய கணக்கில் சரியாக வந்ததை நம்பி, int வரியை மறந்து ஏமாறுகிறார்கள். விடையைச் சோதிக்க எளிய வழியும் உண்டு. நான்கு பகுதிகளின் தேவையையும் கூட்டினால் 67. ஓர் இணை இரண்டு பகுதிகளை நிரப்பும் என்பதால் 33.5க்குக் கீழே எந்த அட்டவணையும் இறங்க முடியாது. எனவே 34ஐவிடச் சிறந்த விடை இல்லை.

ஆனால் இந்த 34ஐ அப்படியே சுவரில் ஒட்டிவிடக் கூடாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை, ஓய்வையும் சேர்த்துத் தொடக்கம் முதல் முடிவு வரை 12 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. நம் பிரித்த டூட்டி 6 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடிகிறது, சரியாக 12. கையெழுத்துப் போட்டு வண்டியைப் பார்த்து எடுக்கும் நேரம், நடத்துநர் வசூலை எண்ணிக் கட்டும் நேரம் இரண்டும் சேர்ந்தாலே வரம்பு மீறிவிடும். மாலை 5.30க்கு அவர்களை விடுவிக்கலாம். அப்போது 5.30 முதல் 6 வரை x2, x3 இரண்டும் சேர்ந்து 13 இணை மட்டுமே மிஞ்சும். அந்த அரை மணிக்கு எத்தனை வேண்டும் என்பதைத் தனிப் பகுதியாகவே எழுத வேண்டும். 2 முதல் 6 வரை என்ற அகலமான கட்டத்துக்குள் அது ஒளிந்துகொள்ளும். காலைக் கட்டமும் அப்படியே. 6 மணிக்கு 12 இணையும் 8 மணிக்கு 20 இணையும் வேண்டியிருக்கும்போது சராசரியாக 16 என்று போட்டால், பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் நேரத்தில் பஸ் வராது. உச்சத்தையே எடுக்க வேண்டும். அதனால் ஆள் வீணாகிறது என்று தோன்றினால் கட்டத்தை ஒரு மணி நேரமாக நறுக்கிக்கொள்ளலாம்.

கட்டங்களின் எல்லையும் கவனிக்க வேண்டியது. வடசேரியிலிருந்து 1.15க்குக் குலசேகரம் கிளம்பிய இணை 2 மணிக்கு வந்து வண்டியை ஒப்படைக்க முடியாது. இந்தக் கணக்கு தலைகளைத்தான் எண்ணுகிறது, டிரிப்புகளை அறியாது. எத்தனை இணை வேண்டும் என்ற மதிப்பீட்டுக்கு இது போதும். யார் எந்த வண்டியில் என்பதற்கு, கைமாறும் இடங்களை வைத்து வெட்டிய ஒவ்வொரு டூட்டியையும் ஒரு மாறியாக்கி, ஒவ்வொரு டிரிப்பும் ஏதாவது ஒரு டூட்டிக்குள் அடங்கும்படி வேறொரு கணக்கு எழுத வேண்டும்.

பணிமனையின் ஆள்பலம் 34 இணை என்று எழுதுவதும் தவறு. ஏழு நாளும் இதே தேவை என்றால் வாரத்துக்கு 238 இணை-நாள். ஒருவர் ஆறு நாள் வேலை செய்தால் 39.67, அதாவது 40 இணை. விடுப்பில் போகிறவர்களுக்கும் உடம்பு சரியில்லாதவர்களுக்கும் மாற்றாக வருபவர்கள் இந்த 40க்கு மேல்.