ஃப்ளூ தடுப்பூசி எவ்வளவு காக்கிறது? டெஸ்ட்-நெகட்டிவ் முறையில் கணக்கிடுவது எப்படி

தடுப்பூசி போட்டுக்கொள்கிறவர்கள் பலர் லேசான காய்ச்சலுக்கும் டாக்டரிடம் போய்விடுவார்கள். போடாதவர்களில் பலர் வீட்டிலேயே கஷாயம் குடித்துச் சமாளிப்பார்கள். அதனால் ஊரில் யாருக்கெல்லாம் ஃப்ளூ பதிவானது என்று எண்ணினால், ஊசியின் திறன் குறைவாகத் தெரியும். கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். இதுதான் டெஸ்ட்-நெகட்டிவ் முறை. ஃப்ளூ ஊசிக்கு இந்த வழியை 2004-05 பருவத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டனூட்டா ஸ்கௌரோன்ஸ்கியின் குழு பயன்படுத்தியது.

படி 1: யாருக்கு ஸ்வாப்? காய்ச்சலும் இருமலும் தொடங்கி 7 நாளுக்குள் வந்த எல்லாருக்கும் எடுங்கள். பிந்தினால் வைரஸ் குறைந்து, ஃப்ளூ வந்தவரே நெகட்டிவ் பக்கம் போய்விடுவார். ஊசி போட்டாரா என்பதைப் பார்த்து ஆளைத் தேர்வு செய்யக் கூடாது.

படி 2: பிரியுங்கள். பிசிஆர் பாசிட்டிவ் வந்தவர்கள் நோயாளிகள், நெகட்டிவ் வந்தவர்கள் ஒப்பீட்டுக் குழு. ஊசி விவரத்தை முடிந்தவரை பதிவேட்டிலிருந்தே எடுங்கள்.

படி 3: கணக்கு. இவை விளக்கத்துக்கான கற்பனை எண்கள். பாசிட்டிவ் 200 பேரில் ஊசி போட்டவர் 60, போடாதவர் 140. நெகட்டிவ் 800 பேரில் 400, 400. ஒவ்வொரு குழுவிலும் ஊசி போட்டவரைப் போடாதவரால் வகுத்து, பாசிட்டிவ் குழுவின் விடையை நெகட்டிவ் குழுவின் விடையால் வகுத்தால் வருவது OR. அதிலிருந்து கிடைக்கும் ஊசியின் திறன் VE.

```
OR = (60/140) / (400/400) = 0.43
VE = (1 - OR) × 100 = 57%
```

சரி, 57% என்று எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

படி 4: நெகட்டிவ் குழுவைச் சோதியுங்கள். நெகட்டிவ் ஆனவர்களுக்கு வேறு ஏதோ கிருமி. ஃப்ளூ ஊசிக்கும் அந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை அனுமானம். கோவிட் வந்தபின் இது ஆட்டம் கண்டது. ஃப்ளூ ஊசி போடுகிறவர் பெரும்பாலும் கோவிட் ஊசியும் போட்டிருப்பார். அது கோவிட்டைத் தடுத்தால், நெகட்டிவ் குழுவில் இருக்கும் கோவிட் நோயாளிகளிடம் ஃப்ளூ ஊசி போட்டவர் குறைவாகவே இருப்பார்கள்.

நம் 800 பேரில் 300 பேருக்குக் கோவிட் என்று வையுங்கள்: ஃப்ளூ ஊசி போட்டவர் 100, போடாதவர் 200. அவர்களை நீக்கினால் மிச்சம் 300, 200.

```
OR = (60/140) / (300/200) = 0.29
VE = 71%
```

ஒரு குழுவை நீக்கியதில் 14 புள்ளி மாறிவிட்டது! ஆகவே எல்லா ஸ்வாப்பையும் கோவிட்டுக்கும் சோதித்து, பாசிட்டிவ் ஆனவர்களை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 5: தேதியைக் கவனியுங்கள். வட நாடுகளில் இலையுதிர் காலத்தில் ஊசி போடத் தொடங்குவார்கள், ஃப்ளூ உச்சம் பெரும்பாலும் குளிர்காலத்தில். ஊசி பரவும் முன்பே, ஃப்ளூ வராத அக்டோபரில் வந்த நெகட்டிவ்களில் ஊசி போடாதவர் அதிகம். அவர்களை ஜனவரி நோயாளிகளோடு கலந்தால் திறன் மறுபடி குறைந்து தெரியும். ஃப்ளூ உலவிய வாரங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் ஒப்பிடுங்கள். வயதையும் நாட்பட்ட நோய்களையும் அப்போதே மாடலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், வரும் சதவீதம் டாக்டரிடம் போக வைத்த ஃப்ளூவுக்கு எதிரான திறன் மட்டுமே. வீட்டோடு முடிந்த லேசான தொற்றை ஊசி எவ்வளவு தடுத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.