ஐந்து நாளில் 205 கிராம் குறைந்ததா? வயிற்றுச் சுற்றளவில் நடக்கும் தவறுகள்

36-வது வாரத்தில் ஒரு ஸ்கேனில் குழந்தையின் எடை 2895 கிராம் என்று வருகிறது. ஐந்து நாள் கழித்து வேறோர் இடத்தில் எடுத்தால் 2690 கிராம். குழந்தை இளைத்துவிட்டதோ என்று அந்தத் தாய் பதறுகிறார்.

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைச் சுற்றளவு (HC) இரண்டிலும் 32 செ.மீ. தொடை எலும்பு நீளம் (FL) இரண்டிலும் 6.9 செ.மீ. வயிற்றுச் சுற்றளவு (AC) மட்டும் முதலில் 33, அடுத்து 31.5. ஸ்கேன் மெஷின் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. இந்த மூன்று அளவுகளையும் ஹாட்லாக் சூத்திரம் போன்ற ஒன்றில் போட்டுக் கணக்கிடுகிறது. அந்த 1.5 செ.மீ. வித்தியாசம்தான் 205 கிராமாகத் தெரிகிறது. இதே 1.5 செ.மீ. தலையில் மாறியிருந்தால் சுமார் 100 கிராம்தான் மாறியிருக்கும்.

எடைக் கணக்கு அதிகம் சாய்ந்திருப்பது வயிற்றின் மேல்தான். சரியாக அளக்கச் சிரமமானதும் அதுவே. தலைக்கு மண்டையோடு இருக்கிறது, தொடைக்கு எலும்பு இருக்கிறது. வயிற்றின் விளிம்போ மென்மையானது, புரோபை அழுத்தினாலே நசுங்கிவிடும்.

அளப்பவர் செய்யும் பெரிய தவறு, சாய்ந்த வெட்டில் அளப்பது. வெள்ளரிக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீண்டு வருமே, அதுபோலத்தான். சரியான படத்தில் வயிறு ஏறக்குறைய வட்டமாக இருக்கும். கறுப்புக் குமிழாக இரைப்பை தெரியும். கல்லீரலுக்குள் தொப்புள் சிரையின் ஒரு சிறு துண்டு வளைந்து தெரியும். அந்தச் சிரை வயிற்றின் முன்சுவர் வரை நீளமாக ஓடினால் வெட்டு சாய்ந்திருக்கிறது. சிறுநீரகம் தெரிந்தால் கீழே இறங்கிவிட்டது. நம் கதையின் முதல் படத்தில் வயிறு முட்டை வடிவில் இருந்தது, ஓரத்தில் ஒரு சிறுநீரகமும் தெரிந்தது. அந்த 33-ஐ நான் நம்பமாட்டேன். அளவுக்கோடும் தோலின் வெளிவிளிம்பில் ஓட வேண்டும், உள்ளே நழுவினால் வயிறு சிறுத்துவிடும்.

தொடை எலும்பு படத்தில் கூடியமட்டும் கிடையாகக் கிடக்க வேண்டும். ஒலிக்கதிரின் திசையிலேயே அது நீண்டு கிடந்தால் முனைகள் தெளிவாகத் தெரியாது, அளவு தவறும்.

படிப்பவர் செய்யும் தவறு, அந்த எண்ணைத் தராசு எடையாக நினைப்பது. எல்லாம் சரியாக அளந்தாலும் 15 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம். 2690 என்றால் உண்மை எடை ஏறக்குறைய 2290-க்கும் 3090-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். அந்த ஐந்து நாள் வித்தியாசம் இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

அதனால் வளர்ச்சியை ஒப்பிட இரண்டு ஸ்கேனுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் இருக்கட்டும். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தாலோ மருத்துவருக்கு வேறு சந்தேகம் இருந்தாலோ இந்த இடைவெளியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். அப்போது செய்ய வேண்டியவை ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர், பனிக்குட நீரின் அளவு போன்ற வேறு சோதனைகள்.