கம்பெனி போடும் பங்கை விட்டுவிட்டு ஊரில் மனை வாங்குவது: 401(கே) கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கத்தில் பிள்ளைகள் அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. அந்தச் சம்பளத்தில் மிச்சமாகும் பணத்துக்கு ஊரில் வேலைகள் வரிசையாகக் காத்திருக்கும். பங்காளிகள் சேர்ந்து ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டிய பூர்வீக வீடு, புறவழிச்சாலையோரம் ஒரு மனை, அப்பச்சி பேரில் இருக்கும் வீட்டுக்கடன் என்று பட்டியல் நீளும். இவற்றுக்குப் பணம் போதவில்லை என்றால் முதலில் கை வைப்பது சம்பளத்தில் பிடிக்கும் 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில்தான். "அங்க ஏதோ பிடிக்கிறாகளாமே, அதைக் குறைச்சுட்டு இங்க அனுப்புப்பா" என்று வீட்டிலிருந்தே சொல்வார்கள். கம்பெனி உங்கள் பங்குக்கு ஈடாகத் தன் பங்கைப் போடும் எல்லை வரை அந்தப் பிடித்தத்தைத் தொடக் கூடாது. அதற்கு மேல் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். டாலஸில் வேலை, ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர், இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளமாக ஆண்டுக்கு 26 சம்பளம். ஒரு சம்பளம் சுமார் 4,615 டாலர். சம்பளத்தின் முதல் 3 சதவீதம் வரை நீங்கள் போடுவதற்குச் சமமாகக் கம்பெனி போடும், அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதி போடும். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் முறை இது. நீங்கள் 5 சதவீதம் போட்டால் ஆண்டுக்கு 6,000 டாலர் உங்களுடையது, அதற்குமேல் 4,800 டாலர் கம்பெனியுடையது.

கம்பெனி பங்கை வட்டியோடு ஒப்பிடுவது

லேவாதேவியில் ஊறிய ஊர் என்பதால் நம்மவர்கள் எதையும் முதலில் வட்டியாக மாற்றித்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் இங்கே தவறான விடைக்குக் கொண்டுபோகிறது. "வீட்டுக்கடன் 9 சதவீதம், அமெரிக்கப் பங்குச் சந்தை எவ்வளவு தரும் என்று யாருக்குத் தெரியும், கடனை அடைப்பதே மேல்" என்பது வழக்கமான வாதம். 9 சதவீதம் ஆண்டு வட்டி. கம்பெனி போடும் பங்கு ஆண்டு வட்டி அல்ல. பணம் போட்ட அன்றே ஒரே தடவையாகச் சேர்வது அது.

5 சதவீதத்தில் கடைசி 2 சதவீதத்தை மட்டும் பாருங்கள். கம்பெனி பாதிதான் போடும் பகுதி என்பதால் நமக்குக் குறைந்த லாபம் தருவது இதுதான். ஒரு சம்பளத்துக்கு 92 டாலர். 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் இதைப் போடாமல் விட்டால் வரி போகக் கையில் வருவது 72 டாலர். போட்டால் அப்போது வரி பிடிக்காமல், கம்பெனியின் 46 டாலரும் சேர்ந்து கணக்கில் 138 டாலர் இருக்கும். அதற்கும் பின்னால் 22 சதவீத வரி உண்டு என்று கழித்துவிட்டாலும் 108 டாலர். ஆக 72 டாலரை 9 சதவீதக் கடனை அடைக்கப் பயன்படுத்தினால், அது 108 டாலருக்குச் சமமான பலனைத் தர ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். 401(கே)யில் இருக்கும் பணம் அந்த ஐந்து வருடமும் ஒரு சென்ட்கூட வளரவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. முதல் 3 சதவீதத்துக்குக் கம்பெனி முழுசாகப் போடுவதால் அங்கே வித்தியாசம் இன்னும் பெரிது.

மனைக்கும் இதே கணக்குதான். மனை விலை ஏறலாம், நன்றாகவே ஏறலாம். ஆனால் வாங்கிய அன்றே ஒன்றரை மடங்கு ஆகாது.

பிடித்தம் எத்தனை சதவீதம் என்று பார்க்காமலே இருப்பது

பல கம்பெனிகள் வேலையில் சேர்ந்ததும் தாங்களாகவே 3 சதவீதம் பிடிக்கத் தொடங்கிவிடும். சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தம் தெரிவதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று தோன்றும். மேலே சொன்ன கணக்கில் 3 சதவீதத்தோடு நின்றால் கம்பெனி போடுவது 3,600 டாலர்தான். ஆண்டுக்கு 1,200 டாலர் சத்தமில்லாமல் போகிறது.

இதைவிடக் கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. "எங்கள் கம்பெனி 4 சதவீதம் தருகிறது" என்று சக ஊழியர் சொல்லக் கேட்டு, 4 சதவீதம் என்று போட்டுவிட்டுத் திருப்தியாக இருப்பவர்கள் உண்டு. முதல் 3 சதவீதத்துக்கு 3, நான்காவது சதவீதத்துக்குப் பாதி என்று அவர்களுக்குக் கிடைப்பது மூன்றரை சதவீதம்தான். கம்பெனியிடமிருந்து 4 சதவீதம் வாங்க நீங்கள் 5 சதவீதம் போட வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி "கம்பெனி எவ்வளவு தரும்?" என்பதல்ல, "கம்பெனி தருவதில் ஒன்றும் விடாமல் வாங்க நான் எவ்வளவு போட வேண்டும்?" என்பது. வேலை மாறினால் புதுக் கம்பெனியில் மறுபடி 3 சதவீதத்திலிருந்தோ, பூஜ்யத்திலிருந்தோ தொடங்கும். பழைய இடத்தில் வைத்திருந்த சதவீதம் கூடவே வராது.

ஆண்டு வரம்பைச் சீக்கிரமாகவே நிரப்பிவிடுவது

இது அக்கறையாகச் சேமிப்பவர்கள் செய்யும் தவறு, அதனால்தான் அதிகம் வருத்தம் தருகிறது. 2026-ல் 50 வயதுக்குக் குறைந்தவர் தன் சம்பளத்திலிருந்து 401(கே)யில் போடக்கூடிய உச்ச வரம்பு 24,500 டாலர். கம்பெனி பங்கு இந்த வரம்புக்குள் வராது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது கையில் பணம் புழங்கட்டும், வரம்பை அதற்குள் முடித்துவிடலாம் என்று ஒருவர் ஜனவரியிலிருந்து 30 சதவீதம் போடுகிறார் என்று வையுங்கள். ஒரு சம்பளத்துக்கு 1,385 டாலர் போகும். 18-வது சம்பளத்தில் வரம்பு நிரம்பிவிடும். அது செப்டம்பர் வாக்கில் வரும்.

மிச்சம் 8 சம்பளத்தில் அவர் பிடித்தம் பூஜ்யம். கம்பெனி ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துப் போடுவதாக இருந்தால், அந்த எட்டிலும் கம்பெனி பங்கும் பூஜ்யம். சம்பளத்துக்கு 185 டாலர் வீதம் சுமார் 1,477 டாலர் போய்விடுகிறது. வரம்பு முழுவதையும் போட்டவருக்குத்தான் இந்த நஷ்டம்! அதே பணத்தை 20 சதவீதமாக வைத்திருந்தால் ஆண்டு முழுவதும் பரவி 24,000 டாலர் போயிருக்கும், கம்பெனி பங்கும் ஒரு சம்பளம் விடாமல் வந்திருக்கும்.

சில கம்பெனிகள் ஆண்டு முடிந்தபின் மொத்தமாகக் கணக்குப் பார்த்து விடுபட்ட பங்கைப் போட்டுவிடும். உங்கள் கம்பெனி அப்படிச் செய்யுமா என்பது 401(கே) இணையதளத்தில் கிடைக்கும் `Summary Plan Description` என்ற ஆவணத்தில் இருக்கும். அதைத் திறந்து `true-up` என்று தேடுங்கள். அந்தச் சொல்லே இல்லையென்றால், போடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு 26 சம்பளத்துக்கும் பரப்பிப் போடுவதே பாதுகாப்பு. கம்பெனி ஒவ்வொரு சம்பளத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிறதா என்பது சம்பளச் சீட்டிலும் பிடிபடும். உங்கள் பிடித்தம் நின்ற அடுத்த சீட்டில் கம்பெனி பங்கும் நின்றிருந்தால் உடனே சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

"ஊருக்குத் திரும்பினால் பணம் மாட்டிக்கொள்ளும்" என்று பயப்படுவது

இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் போக, வருமான வரிக்கு மேல் 10 சதவீதம் கூடுதல் வரி உண்டு. அமெரிக்காவை விட்டு வந்தபின் எடுத்தால் பொதுவாக 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முடிவான வரி எவ்வளவு என்பது பிறகு அங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது தெரியும்.

இருந்தாலும் மிக மோசமான கணக்கையே போட்டுப் பாருங்கள். 30 சதவீதமும் திரும்பி வரவில்லை, அதோடு 10 சதவீதமும் போயிற்று என்று வைத்தால் 138 டாலரில் கையில் நிற்பது 83 டாலர். போடாமல் சம்பளமாகவே வாங்கியிருந்தால் 72 டாலர். முதல் 3 சதவீதத்தில் இன்னும் தெளிவு: போட்டிருந்தால் 166 டாலர், சம்பளமாக வாங்கியிருந்தால் 108. பாதி பங்கு கிடைக்கும் இடத்தில்கூட, கம்பெனி போட்ட பணம் இரண்டு பிடித்தங்களையும் ஈடுகட்டிவிடுகிறது. ஊர் திரும்பியவர் அவசரப்பட்டு எடுக்கவும் வேண்டியதில்லை. 7,000 டாலருக்கு மேல் இருக்கும் கணக்கை உங்கள் சம்மதமில்லாமல் முடிக்க முடியாது, அங்கேயே விட்டு வைக்கலாம். இந்தியாவில் குடியிருப்பவராக ஆனபின் எடுக்கும் பணத்தை இங்கும் கணக்கில் காட்ட வேண்டும் என்பதால், எடுப்பதற்கு முன்பே இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள்.

உரிமை வரும் தேதி தெரியாமல் ராஜினாமா கொடுப்பது

நீங்கள் போட்டது என்றும் உங்களுடையது. கம்பெனி போட்டது எப்போது உங்களுடையதாகும் என்பதற்குத் தனி விதி உண்டு, அதை வெஸ்டிங் என்பார்கள். மேலே சொன்ன 3-ம் 2-ம் முறை, சட்டம் வகுத்த அளவில் கம்பெனி பங்கு போடும் சேஃப் ஹார்பர் திட்டமாக இருந்தால் பொதுவாகப் போட்ட அன்றே முழு உரிமை வந்துவிடும். வேறு திட்டங்களில் மூன்று வருடம் முடியும் வரை ஒன்றுமே இல்லை, முடிந்த அன்று முழுவதும் என்று இருக்கலாம். அல்லது இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 20 சதவீதமாக ஏறி ஆறாம் வருடத்தில் முழு உரிமை என்று இருக்கலாம். இவற்றைவிட நீட்டிக்கச் சட்டம் விடாது.

மூன்று வருட விதியில் இருப்பவர், ஆண்டுக்கு 4,800 டாலர் வாங்கிக்கொண்டிருந்து, இரண்டு வருடம் பத்து மாதத்தில் வேறு வேலைக்குப் போனால் ஏறக்குறைய 13,600 டாலரை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். புது வேலையில் சேரும் தேதியை இரண்டு மாதம் தள்ளிக் கேட்டிருக்கலாம். கணக்குப் பக்கத்தில் மொத்த இருப்புக்குக் கீழே `Vested Balance` என்று ஒரு தொகை தனியாகத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. வேறாக இருந்தால் ராஜினாமாவுக்கு முன் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கம்பெனி பங்கு, பிறகுதான் மற்றது என்ற வரிசை மாறும் இடமும் இதுதான். விசா முடிகிறது, ஒரு வருடத்துக்குள் ஊர் திரும்புவது உறுதி, கம்பெனியிலோ மூன்று வருட விதி, இன்னும் இரண்டு வருடம் பாக்கி என்றால், கம்பெனி பங்கு என்று திரையில் தெரிவது உங்கள் கைக்கு வராத பணம். அப்படி இருப்பவர் மட்டும் பிடித்தத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை வீட்டுக் கூரைக்கோ கடனுக்கோ அனுப்பலாம்.