சுவிட்ச் ரேக்குக்கு யூபிஎஸ்: கணக்கில் சறுக்கும் இடங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மூன்று மாடி அலுவலகம். மாடிப்படிக்குக் கீழே உள்ள ரேக்கில் நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டும் அனுப்பும் 24 போர்ட் பிஓஇ சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் இணைப்பு வந்து சேரும் ஓஎன்டி. 8 கேமராவுக்கும் 4 வைஃபை பாயின்ட்டுக்கும் அந்த சுவிட்சிலிருந்துதான் கரன்ட் போகிறது. 1 கேவிஏ யூபிஎஸ் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று நம்பியிருந்தார்கள். ஒரு ராத்திரி கரன்ட் போய் 25 நிமிடத்தில் எல்லாம் அணைந்துவிட்டது. பேட்டரி புதியதுதான், அதில் பழுதும் இல்லை.

கேவிஏ என்பது ஒரே சமயத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு நேரம் என்பது பேட்டரியின் பாடு. அந்த யூபிஎஸ்ஸுக்குள் இருந்தவை 12 வோல்ட், 7 ஏஎச், அதாவது 7 ஆம்பியர்-மணி, பேட்டரி இரண்டு. பெருக்கினால் 168 வாட்-மணி. பகலில் மீட்டர் வைத்துப் பார்த்த லோடு 135 வாட். வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம் வரும். பார்க்கச் சரியாகத்தான் தெரியும்.

ஆனால் இருட்டினால் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். லோடு 175 வாட் ஆனது. யூபிஎஸ் தானே கொஞ்சம் தின்றுவிடுவதால் பேட்டரியிலிருந்து சுமார் 205 வாட் போகும். அப்புறம், 7 ஏஎச் என்று மேலே அச்சடித்திருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. அரை மணியில் உறிஞ்சினால் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட 90 வாட்-மணியை 205ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 25 நிமிடம். அதனால் லோடை ராத்திரி 8 மணிக்கு அளந்து பாருங்கள். பிஓஇக்கு மட்டும் எவ்வளவு போகிறது என்பதை சிஸ்கோ சுவிட்ச் என்றால் அதிலேயே பார்க்கலாம்:

```
show power inline
```

அவர்களுக்கு வேண்டியது 2 மணி நேரம். 205 வாட் வீதம் 410 வாட்-மணி. பேட்டரி பழசானாலும் தாங்க வேண்டுமே என்று 0.8ஆல் வகுத்தால் சுமார் 510. இரண்டு மணி வேகத்தில் 70 சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்தால் 730. 24 வோல்ட்டுக்கு 30 ஏஎச் ஆகிறது. கடையில் அதற்கு மேல் சுலபமாகக் கிடைக்கும் 42 ஏஎச் இரண்டு வாங்கினோம். மே மாதம் அந்த மாடிப்படி அடி அடுப்பு போல இருக்கும், சூட்டில் பேட்டரி சீக்கிரம் சாகும். அதனால் மிச்சம் வீணில்லை. பேட்டரியின் பக்கச் சுவர் லேசாக உப்பியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

இங்கே பலர் செய்யும் இன்னொரு தவறு, பெரிய பேட்டரியைப் பழைய யூபிஎஸ்ஸிலேயே வயர் இழுத்துக் கோர்ப்பது. அதன் சார்ஜர் 1 ஆம்பியர் என்றால் 42 ஏஎச் நிரம்ப இரண்டு நாள் ஆகும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கரன்ட் போனால் இரண்டாவது தடவை பேட்டரியில் ஒன்றும் இருக்காது. அரை மணி ஓடுவதற்காகச் செய்த இன்வெர்ட்டர் இரண்டு மணி ஓடினால் கருகவும் கூடும். வெளியே பேட்டரி வைக்கும் லாங் பேக்கப் மாடல், 5 ஆம்பியர் சார்ஜரோடு கேளுங்கள். அதில் ராத்திரிக்குள் நிரம்பிவிடும்.