குறளை அலகிடும்போது தனிக்குறிலில் சறுக்காதீர்கள்

பட்டர்வொர்த்தில் என் சனிக்கிழமை வகுப்பில் படிவம் நான்கு பிள்ளைகளிடம் 391ஆம் குறளைக் கொடுத்தேன். 'கசடறக்' என்ற சீரைப் பலர் க/ச/ட/றக் என்று வெட்டியிருந்தார்கள். மலாய்ப் பாடத்தில் சிறுவயது முதல் பழகிய சுக்கு காத்தா என்ற ஒலிப்பிரிப்புதான் காரணம். 'கெலாப்பா' என்பதை கெ-லா-பா என்று ஒலி ஒலியாகப் பிரிப்பது மலாயில் சரி. தமிழில் அசை அப்படிப் பிரியாது.

குறிலுக்கு அடுத்து மெய் வந்தால் இரண்டும் சேர்ந்து நேர்: கற். அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால் அதையும் இழுத்துக்கொண்டு நிரை: கச. சேர்த்துக்கொள்ள எதுவும் இல்லாமல் சீரின் கடைசியில் நின்றால் மட்டுமே குறில் தனியாக நேர் ஆகும். 'கற்க' என்பதன் 'க' அப்படிப்பட்டது. அது அடுத்த சீரிலுள்ள 'க'வோடு சேராது.

கற்/க கச/டறக் கற்/பவை கற்/றபின்
நிற்/க அதற்/குத் தக

வாய்பாடு: தேமா, கருவிளம், கூவிளம், கூவிளம், தேமா, புளிமா, மலர்.

அசையில் தவறினால் தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணையும் முறை, காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 'கசடறக்' என்பதை க/சட/றக் என்று பிரித்தால் தேமாவுக்குப் பின் நேர் வந்து வெண்டளை முறியும். தவறு உடனே தெரியும். ஆனால் 'கற்பவை'யை கற்/ப/வை என்று பிரித்தால் தேமாங்காய் ஆகிவிடும். காய் முன், அதாவது காய்ச்சீரை அடுத்து, நேர் வருவதும் வெண்டளைதான் என்பதால் தளை எல்லாம் சரியாகவே தெரியும், விடை மட்டும் தவறு. எனவே தளைக்குப் போகுமுன் ஒவ்வொரு தனிக்குறிலையும் தொட்டு, 'இது சீரின் கடைசியா?' என்று பாருங்கள்.

தளையில் வரும் குழப்பம் வேறு. நின்ற சீரின் கடைசி அசையும் வரும் சீரின் முதல் அசையும் ஒன்றாக இருந்தால்தான் தளை பொருந்தும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மா முன் நேர், விளம் முன் நிரை என ஒத்து வருவது ஆசிரியத்தளை. குறள் வெண்பா, அங்கே மா முன் நிரை, விளம் முன் நேர் என்று மாறித்தான் வரவேண்டும். இதை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் காய்ச்சீரிலும் மாற்றத்தைத் தேடுவார்கள். காய் நேரில் முடிந்தாலும் அதன் முன் நேர்தான் வரவேண்டும்.

அடி முடிந்ததும் தளையும் முடிந்துவிட்டதாக எண்ணி, 'கற்றபின்' என்பதை 'நிற்க'வோடு பொருத்திப் பார்க்காமல் விடுவதும் உண்டு. குறளில் ஏழு சீர், ஆகவே ஆறு தளை. ஐந்துதான் எழுதியிருந்தால் விட்டுப்போனது பெரும்பாலும் இந்த இடம்தான்.

கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளே. முதற்குறளின் 'உலகு' குற்றியலுகரத்தில் முடிவதால் அது பிறப்பு. புளிமா என்று எழுதக்கூடாது.